பின்பாதித் தூண் வேலை செய்யவில்லை

வீட்டு முகப்பில் போர்டிகோ போடும்போது பதினெட்டு அங்குலச் செங்கல் தூண் எழுப்பி, அதன் தலையில் கான்கிரீட் பீமை உட்கார வைப்பது பல ஊர்களில் வழக்கம். பீம் தூணின் முழு அகலத்துக்கும் போவதில்லை. முன்பக்கமாக ஆறு அங்குலம் மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கும். மீதிப் பன்னிரண்டு அங்குலத்தில் செங்கல் அடுக்கிப் பூசிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தூண் தடிமனாக, திடமாகத் தெரியும். இவ்வளவு பருமன் இருக்கிறதே, ஒரு பீமைத் தாங்காதா என்று வீட்டுக்காரர் நினைப்பார். அந்தப் பருமனில் எவ்வளவு உண்மையில் சுமை வாங்குகிறது என்பதுதான் கேள்வி.

கணக்குக்கு வசதியாகத் தூணை 45 சென்டிமீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். பீம் இறக்கும் சுமை 8,100 கிலோ, அதாவது எட்டு டன்னுக்குச் சற்று மேல். தூணின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடலாம். குறுக்குப் பரப்பு 2,025 சதுர சென்டிமீட்டர். சுமை நட்டநடுவில் இறங்கினால் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம்: சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ. சாதாரணச் செங்கல், சிமெண்ட் கலவைக் கட்டுமானத்துக்குக் கல்லின் தரத்தைப் பொறுத்து 5 முதல் 10 கிலோ வரை அனுமதிப்பது வழக்கம் என்பதால் இதில் கவலை இல்லை.

சுமையை நடுவிலிருந்து முன்பக்கம் தள்ளினால் என்ன ஆகும்? பரிசலில் நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஓரத்துக்கு நகர்ந்தால் அந்தப் பக்கம் அமிழ்ந்து மறுபக்கம் தூக்கும். தூணிலும் அப்படித்தான். முன்பக்கம் கொஞ்சம் அதிகமாக நசுங்கும், பின்பக்கம் குறைவாக. நசுங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவு என்றாலும், முன்னிருந்து பின்னாக ஒரே சீரான சரிவில் குறைந்துகொண்டு போகும். அழுத்தமும் அதே சரிவில் குறையும். சுமை 3 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தால் முன்விளிம்பில் 5.6 கிலோ, பின்விளிம்பில் 2.4 கிலோ. சராசரி மட்டும் அதே 4.

இன்னும் தள்ளிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பின்விளிம்பில் அழுத்தம் பூஜ்யமாகிவிடும். அது எந்தக் கட்டம் என்று கண்டுபிடிக்கச் சூத்திரம் வேண்டாம், பள்ளிக்கூட வடிவியல் போதும். பின்விளிம்பில் பூஜ்யம், முன்விளிம்பில் உச்சம் என்றால் அழுத்தத்தின் படம் ஒரு செங்கோண முக்கோணம். முக்கோணத்தின் ஈர்ப்பு மையம் அதன் பருத்த பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். கீழிருந்து தாங்கும் அழுத்தத்தின் மொத்தமும் மேலிருந்து இறங்கும் சுமையும் ஒரே கோட்டில் நேருக்கு நேர் இருந்தால்தான் தூண் அசையாமல் நிற்கும். ஆக, சுமை முன்விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டரில், அதாவது நடுவிலிருந்து 7.5 சென்டிமீட்டர் தள்ளி இறங்கும்போதுதான் அந்த முக்கோணம் உருவாகும். முன்பக்கம் 8 கிலோ, பின்பக்கம் பூஜ்யம். எதிர்ப்பக்கமும் இதே கணக்குதான். நடுவில் இருக்கும் 15 சென்டிமீட்டர் பட்டைக்குள் சுமை இருக்கும்வரை தூணின் எல்லாப் பகுதியும் அழுந்தித்தான் இருக்கும். பொறியாளர்கள் சொல்லும் 'நடு மூன்றில் ஒரு பங்கு' விதி இவ்வளவுதான்.

நம் போர்டிகோ பீமுக்கு வருவோம். அது 15 சென்டிமீட்டர் மட்டுமே ஏறியிருப்பதால் சுமை முன்விளிம்பிலிருந்து சுமார் 7.5 சென்டிமீட்டரில் இறங்குகிறது. நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் விலகல். நடுப்பட்டைக்கு வெளியே போய்விட்டது. சரிவுக் கணக்கை அப்படியே நீட்டினால் பின்பக்கத்தில் இழுவிசை வரும். ஆனால் செங்கல்லுக்கு இடையிலுள்ள கலவை இழுவைத் தாங்குவது மிகச் சொற்பம், அதை நம்பிக் கணக்குப் போடுவதில்லை. கலவை விட்டுக்கொடுக்கும், பின்பக்கம் மூட்டு பிரியும். மிஞ்சிய பகுதியில் மறுபடியும் அதே முக்கோணம். சுமை விளிம்பிலிருந்து 7.5 சென்டிமீட்டரில் இருந்தால் முக்கோணத்தின் நீளம் அதன் மூன்று மடங்கு, 22.5 சென்டிமீட்டர். தூணில் சரிபாதி. முன்விளிம்பு அழுத்தம் 16 கிலோ, சராசரியைப்போல நான்கு மடங்கு.

22.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள, அதே அகலமுள்ள தூணை முன்பக்கம் மட்டும் கட்டியிருந்தாலும் முன்விளிம்பில் அதே 16 கிலோதான் வந்திருக்கும். பின்னால் உள்ள பாதிச் செங்கல், பாதிக் கலவை, பாதிக் கூலி எதுவும் பீமுக்கு உதவவில்லை. தூணைப் பின்பக்கம் 60 சென்டிமீட்டராகப் பருக்க வைத்தாலும் இந்த எண் மாறாது. பருமனைக் கூட்டினால் பலம் கூடும் என்ற நம்பிக்கை பொய்யாகும் இடம் இது.

சரிசெய்யும் வழி, பீமைத் தூணின் முழுத் தடிமனுக்கும் ஓட்டுவதுதான். சிலர் பீமுக்கு அடியில் கான்கிரீட் பெட் பிளாக் வைத்துவிட்டு விஷயம் முடிந்தது என்பார்கள். பிளாக் ஒரே இடத்தில் குத்தும் சுமையைக் கொஞ்சம் பரப்பும், செங்கல் நொறுங்காமல் காக்கும். ஆனால் சுமையின் கோட்டை அது நகர்த்தாது. பீம் பிளாக்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் கோடும் ஓரத்தில்தான் இருக்கும்.

இன்னொரு வழி முதலில் கேட்டால் தலைகீழாகத் தோன்றும்: தூணின் மேல் நடுவாக இன்னும் எடை ஏற்றுவது. மேலே சுவர் எழுப்பி அதே 8,100 கிலோவை நடுவில் இறக்குகிறோம் என்று வைப்போம். மொத்தச் சுமை இரட்டிப்பு. ஆனால் இரண்டும் சேர்ந்த கோடு நடுவிலிருந்து 7.5 சென்டிமீட்டருக்கு, நடுப்பட்டையின் விளிம்புக்குத் திரும்பிவிடுகிறது. பின்பக்கம் பூஜ்யம், முன்பக்கம் 16. உச்ச அழுத்தம் முன்பு இருந்த அதே எண், பின்மூட்டு மட்டும் மூடிக்கொண்டது! ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் முட்டுச் சுவர்களின் தலையில் இருக்கும் கல் கோபுரங்களும் இப்படி எடையால் கோட்டை உள்ளே இழுப்பவைதான். அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல.

தூணைப் பார்த்தே நோயைக் கண்டுகொள்ளலாம். சுமை வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், தலைக்குச் சற்றுக் கீழே, கலவை மூட்டை ஒட்டிப் படுக்கைவாட்டில் மெல்லிய விரிசல் ஓடும். பூச்சு பூசினாலும் அதே இடத்தில் திரும்ப வரும். சுமைப் பக்கம் நிலைமை முற்றியிருந்தால் பீமுக்கு அடியில் செங்கல் நெட்டுக்குத்தாகப் பிளக்கும், பூச்சு உப்பிக் கொட்டும். படுக்கை விரிசல் பின்பக்கம் என்பதற்காக அங்கே கலவையைத் திணித்து மூடுவது பயனில்லாத வேலை. உயிர்போகும் இடம் முன்பக்கம்.

இந்தக் கணக்கு குட்டைத் தூணுக்குத்தான். நம் தூண் 2.5 மீட்டர் உயரம் என்றால் தடிமனைப்போல ஆறு மடங்குக்கும் குறைவு, கவலையில்லை. நெட்டையான தூண் சுமையால் வளையும். வளைய வளைய விலகல் கூடும், அது இன்னும் வளைக்கும். அது வேறு கணக்கு. அதோடு, சுமை இரண்டு திசையிலும் விலகினால் நடுவிலுள்ள 15 சென்டிமீட்டர் சதுரம் முழுதும் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பாதுகாப்பான பரப்பு அந்தச் சதுரத்துக்குள் அடங்கும் வைர வடிவம். வட்டத் தூணில் அது இன்னும் சிறியது: விட்டத்தில் நடுவிலுள்ள கால்பங்கு மட்டும்.

அணைக்கட்டிலும் இதே முக்கோணம்தான், ஆனால் அங்கே பிரிந்த மூட்டுக்குள் தண்ணீர் நுழையும். பிரான்சில் எப்பினால் நகருக்கு அருகே கல்லால் கட்டிய பூசே அணை, 1884இல் நடுவில் ஒரு நீண்ட பகுதி கீழ்ப்புறமாக நகர்ந்தது. அடிப்பகுதியைப் பலப்படுத்தினார்கள். 1895 ஏப்ரல் 27 அன்று அதற்கு மேலே, உச்சியிலிருந்து சுமார் 10 மீட்டர் ஆழத்தில் உடைந்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். சுவரின் எடையும் நீரின் தள்ளலும் சேர்ந்த கோடு அந்த மட்டத்தில் நடுப்பட்டையை விட்டு வெளியேறியிருந்தது. நீர்ப்பக்கம் விரிசல் விட, உள்ளே புகுந்த நீர் மேற்பகுதியைத் தூக்கியது, கோடு இன்னும் வெளியே போனது. செங்கல் தூணில் விரிசல் ஓரளவில் நின்றுவிடும். அணையில் அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். அதனால்தான் அணைக்காரர்கள் இந்த விதியில் கடுமையாக இருக்கிறார்கள்.

கம்பி போட்ட கான்கிரீட் தூணில் பின்பக்கக் கம்பி இழுவைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் விதி தளர்கிறது. ஆனாலும் எந்தத் தூணும் குண்டு பிடித்தாற்போல நடுவில் சுமை வாங்காது என்று நம் நாட்டுத் தரவிதி IS 456 குறைந்தது 20 மில்லிமீட்டர் விலகலைக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது.

தூணில் கம்பி இருந்தாலும் அதன் அடியிலுள்ள மண்ணில் கம்பி கிடையாது. மனையின் எல்லையை ஒட்டி 30 சென்டிமீட்டர் தூண் எழுப்பினால், அஸ்திவாரம் பக்கத்து மனைக்குள் போக முடியாது, நம் பக்கம்தான் நீளும். தூணின் மையம் எல்லையிலிருந்து 15 சென்டிமீட்டர். மண் வேலை செய்யும் நீளம் அதன் மூன்று மடங்கு, 45 சென்டிமீட்டர். 1.2 மீட்டர் சதுர அஸ்திவாரத்தில் 14.4 டன் இறங்கினால் சராசரி சதுர மீட்டருக்கு 10 டன் என்று காகிதத்தில் வரும். எல்லை விளிம்பில் உண்மையான எண் 53 டன்னைத் தொடும். உள்பக்கம் 2 மீட்டராக நீட்டினால் சராசரி 6 ஆகக் குறையும், விளிம்பில் அதே 53. மேல்மாடியும் பிளிந்த் பீமும் தூணைச் சாயவிடாமல் ஓரளவு பிடிப்பதால் நடப்பில் இதைவிடக் குறையலாம், ஆனால் அப்போது அந்தப் பிடிப்பின் பாரம் தூணில் ஏறும். எல்லையை ஒட்டிய திசையில் அகலப்படுத்தினால் பலன் உண்டு. அதைவிட நல்லது, உள்ளே இருக்கும் அடுத்த தூணின் அஸ்திவாரத்தோடு இதை ஸ்ட்ராப் பீமால் கட்டிவிடுவது. எல்லை அஸ்திவாரம் சாய முயன்றால், பீமின் மறுமுனையை உள்தூணின் எடை கீழே பிடித்துக்கொள்ளும். அந்த பீமின் அடிப்பக்கத்தை மட்டும் மண்ணில் உட்காரவிடாமல், கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு வார்க்க வேண்டும்.