"தொடக்கநிலை" என்று போட்டால் யார் வருவார்கள்? சதுரங்க மன்றத்துக்குப் பெயர் வைப்பது பற்றி

புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு சதுரங்க மன்றம் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆடத் தெரியாதவரும் வரணும், போட்டிக்குப் போகிறவரும் விட்டுப் போகக் கூடாது. பலருக்கும் முதலில் தோன்றுவது இரண்டு பெயர்கள்தான்: "தொடக்கநிலைச் சதுரங்கம்", "உயர்நிலைச் சதுரங்கம்". தமிழ்நாட்டில் இது சரியாக இருக்கலாம். சிங்கப்பூரில் இந்த இரண்டு சொற்களுக்கும் வேறு வேலை இருக்கிறது. இங்கே தொடக்கநிலை என்றால் தொடக்கப்பள்ளி, உயர்நிலை என்றால் உயர்நிலைப்பள்ளி. ஆகவே காய் நகர்த்தவே தெரியாத உயர்நிலை மூன்று மாணவன் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "இது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று நடையைக் கட்டிவிடுவான். நன்றாக ஆடும் தொடக்கநிலை ஐந்து மாணவியோ, தனக்கு மேல் அறையில் இடமில்லை என்று நினைத்துக்கொள்வாள். இரண்டு பேரையும் இழந்தது பெயரால்தான்.

அடுத்த தவறு இதற்கு நேர்மாறானது. "சதுரங்க மேதைகள்", "கிராண்ட்மாஸ்டர் மன்றம்" என்று வைப்பது. புதியவர் வாசலிலேயே தயங்குவார். வேடிக்கை என்னவென்றால், நன்றாக ஆடுபவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். கிராண்ட்மாஸ்டர் என்பது உலகச் சதுரங்கச் சம்மேளனம் கொடுக்கும் பட்டம்; அதன் பாரம் அவருக்குத் தெரியும்.

அப்படியானால் வீரர் பெயரே வைக்கக் கூடாதா? சென்னையில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. அங்கே சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய தால் சதுரங்க மன்றம், 1960இல் போட்வின்னிக்கை வென்று உலக வெற்றியாளரான மிகாயில் தாலின் பெயரைத் தாங்கியது. ஆட்டம் தெரிந்தவருக்கு அந்தப் பெயர் போதும், துணிச்சலான தாக்குதல் ஆட்டம் கண்முன் வந்துவிடும். தெரியாதவருக்கு அது வெறும் இரண்டெழுத்து. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகியது அங்கேதான். ஆனால் அவருக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் வீட்டில் அம்மா. அதாவது, ஆடத் தெரிந்தே அந்த வாசலுக்குப் போனார். அவரைப் போன்றவர்களை அங்கே பிடித்து வைத்தது பெயர் அல்ல, நடைமுறை. விரைவு ஆட்டத்தில் வென்றவர் நாற்காலியிலேயே இருக்கலாம்; தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகணும். இதற்காகவே ஒருவன் மறுநாளும் வருவான்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். பெயரிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்: புதியவரை உள்ளே அழைப்பது. தேர்ந்தவரை நிறுத்தி வைக்கும் வேலையைப் பெயருக்குக் கீழே வரும் வரியிடமும் அறைக்குள் நடப்பதிடமும் விட்டுவிடுங்கள். இடம், ஆட்டம், அமைப்பு, இந்த மூன்று சொல் போதும்: "புக்கிட் பாஞ்சாங் சதுரங்க மன்றம்". இடப்பெயர் யாரையும் தரம் பிரிப்பதில்லை. எல்ஆர்டியில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருப்பவருக்கும் "நம்ம ஏரியா" என்று தோன்றும்.

"மன்றம்" ஏன்? சமூக மன்றம் என்று தினமும் கேட்டுப் பழகிய சொல், யாரும் நுழையலாம் என்ற வாடை அதற்கு உண்டு. "கழகம்" தவறில்லை. ஆனால் திருக்குறளில் சூது அதிகாரம் படித்த மாணவர்கள், அங்கே கழகம் என்பது சூதாடும் இடம் என்று சொல்லி வகுப்பில் ஒரு சிரிப்பலையை எழுப்புவார்கள். தயாராக இருங்கள்!

"சதுரங்கம்" தலைப்பில் இருக்கட்டும். பிள்ளைகள் வாயில் வருவது "செஸ்"தான், அதனால் கீழ்வரியில் அதைப் போடலாம். அறிவிப்பு இப்படி அமையும்:

புக்கிட் பாஞ்சாங் சதுரங்க மன்றம்
செஸ் ஆடத் தெரியாதவர்களும் வரலாம், காய் நகர்த்துவதிலிருந்து சொல்லித் தருகிறோம்.
வெள்ளி இரவு 7.30 முதல் கடிகாரம் வைத்து ஆட்டம். நகர்த்தல்களை எழுத வேண்டும்.

இரண்டாம் வரி புதியவருக்கு. மூன்றாம் வரியைப் புதியவர் பெரிதாகக் கவனிக்க மாட்டார். போட்டிக்குப் போகிறவரோ அதை மட்டும்தான் படிப்பார். கடிகாரமும் எழுதுதாளும் இருக்கிறது என்றால் இங்கே ஆட்டம் விளையாட்டுத்தனமாக நடக்காது என்று அவருக்குப் புரிந்துவிடும். அறைக்குள்ளும் மாணவர்களை நிலை வைத்துப் பிரிக்காமல், மேசையை வைத்துப் பிரியுங்கள்: "கற்கும் மேசை", "கடிகார மேசை". மேசை மாறுவது யாருக்கும் அவமானமில்லை. ஒரு மாலையிலேயே இரண்டு பக்கமும் உட்காரலாம்.

அச்சிடும் முன் ஒரு சின்னச் சோதனை. வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை இருந்தால் இன்னும் நல்லது, ஆடத் தெரியாத மூன்று பேரிடமும் ஆடத் தெரிந்த இரண்டு பேரிடமும் அறிவிப்பைக் காட்டுங்கள். "பெயர் நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். "இது யாருக்குன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். பதிலில் "சின்னப் பசங்களுக்கு" என்றோ "நல்லா ஆடுறவங்களுக்கு" என்றோ வந்தால், எந்தச் சொல் அப்படி நினைக்க வைத்தது என்று அவரையே சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். அந்தச் சொல்லைத்தான் மாற்றணும்.