நிலுவைக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு கேட்லாக் முடித்துக் கொடுத்து, ஏப்ரல் 5-ஆம் தேதி 60,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் அனுப்பினார். முப்பது நாளில் பணம் தர வேண்டும், தவறினால் மாதம் ஒன்றரை சதவீதம் தாமதக் கட்டணம் என்பது கொட்டேஷனிலேயே இருந்தது. நிறுவனமும் "ஓகே, வேலையை ஆரம்பிங்க" என்று மெயிலில் பதில் போட்டிருந்தது. மே 5 கடந்துவிட்டது. போன் செய்தால் "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேம்மா" என்கிறார்கள். ஜூன் 14 ஆகியும் பணம் வரவில்லை.

இனி போன் போதாது, எழுத்தில் கேட்க வேண்டும். பலர் இந்த இடத்தில் வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று கஷ்டத்தை எழுதுகிறார்கள். சிலர் முதல் கடிதத்திலேயே வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். கடிதத்தைப் பிரிக்கப்போவது பெரும்பாலும் அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒருவர். பேமென்ட் போட அவருக்குத் தேவையானவை இன்வாய்ஸ் எண், தேதி, தொகை, எந்த ஒப்புதலின்படி கேட்கிறோம் என்ற விவரம், அவ்வளவுதான். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கேட்லாக் வேலைக்கான 17-ஆம் எண் இன்வாய்ஸ் தொகை ரூ.60,000 மே 5-ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும், இதுவரை வரவில்லை. தாங்கள் மெயிலில் ஒப்புக்கொண்ட கொட்டேஷனின் நான்காவது நிபந்தனைப்படி, மே 6 முதல் இன்று வரை 40 நாட்களுக்குத் தாமதக் கட்டணம் ரூ.1,200. ஆக மொத்தம் ரூ.61,200. இனி பணம் வரும் நாள் வரை தினம் ரூ.30 சேரும். ஜூன் 21-க்குள் செலுத்தி, யுடிஆர் எண்ணைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இன்வாய்ஸில் ஏதேனும் ஆட்சேபம் இருந்தால் அதே தேதிக்குள் எழுதித் தெரிவியுங்கள்."

கணக்கைப் பாருங்கள். அறுபதாயிரத்துக்கு ஒன்றரை சதவீதம் 900 ரூபாய். மாதத்தை முப்பது நாளாக வைத்தால் நாளுக்கு 30, நாற்பது நாளுக்கு 1,200. வட்டிக்கு வட்டி போடவில்லை, ஏனென்றால் அதை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அசலையும் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டியதற்கும் காரணம் உண்டு. கட்டணத்தில் தகராறு வந்தாலும் அசலை நிறுத்திவைக்க அது சாக்காகிவிடக் கூடாது. கடைசி வரியும் முக்கியம். "பணம் தரவேண்டியது உண்மைதான், அடுத்த மாதம் தருகிறோம்" என்று கையெழுத்திட்டு ஒரு பதில் வந்தால், வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலக்கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தக் கடிதத்தின் பலமெல்லாம் வேலைக்கு முன்பே வாங்கிய அந்த "ஓகே"யில்தான் இருக்கிறது. வேலை முடிந்த பிறகு இன்வாய்ஸின் அடியில் மட்டும் தாமதக் கட்டணத்தை அச்சடித்துவிட்டு அதை ஒப்பந்தம் என்று சாதிப்பது கடினம். எழுதி வாங்கியிருந்தாலும் மாதம் பத்து சதவீதம் என்றெல்லாம் போட்டால் நிற்காது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான ஈட்டுத்தொகையைத்தான் நீதிமன்றம் தரும்.

அடிக்கடி நடப்பது இன்னொன்று. ஜூன் 20 அன்று 60,000 மட்டும் வந்து சேரும், கட்டணத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. டிடிஎஸ் பிடித்திருந்தால் இன்னும் குறைவாக வரும். அந்தப் பிடித்தம் 26ஏஎஸ் படிவத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது பாக்கி இல்லை. தாமதக் கட்டணத்தை மட்டும் பேசாமல் விட்டுவிடாதீர்கள். வேண்டும் என்றால் கேளுங்கள். நல்ல வாடிக்கையாளர், போகட்டும் என்று தோன்றினால், "இந்த ஒரு முறைக்கு மட்டும் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறேன்; நிபந்தனை அப்படியே தொடர்கிறது" என்று எழுதி அனுப்புங்கள். சும்மா விட்டால், அந்த நிபந்தனை வெறும் எழுத்துதான் என்று அடுத்த முறை அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.

கடிதத்துக்கும் அசையாதவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, தனியாளாகச் சேவை தருபவராக இருந்தாலும், ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும்; அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. ஒப்பந்தத்தில் குறைவாக எழுதியிருந்தாலும் இது பொருந்தும். தராதவர்கள் மீது வசதிக் கவுன்சிலில் முறையிடலாம். ஆனால் வேலை முடிந்த பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தை நாடினால் சிக்கல் வரும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது; அடுத்த வேலைக்குக் கொட்டேஷன் அனுப்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.