அயோடைடு கைகொடுத்தால் கரையும் அயோடின்

மாவுச்சத்தை நீலமாக்கிக் காட்டும் லூகால் கரைசலை 1829-இல் உருவாக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் லூகால். இன்றைய வழக்கமான அளவு: 100 மில்லி கரைசலில் 5 கிராம் அயோடின், 10 கிராம் பொட்டாசியம் அயோடைடு. அயோடைடு இல்லாவிட்டால் அந்த 5 கிராமைக் கரைக்க 15 லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும்!

அயோடின் மூலக்கூறில் மின்னேற்றம் இல்லை. அதனால் தண்ணீருக்கு அதைப் பற்றிக்கொள்ள வழியில்லை. எதிர்மின்னேற்றமுள்ள அயோடைடு அயனி வந்து, தன் எலக்ட்ரான் இணையைப் பகிர்ந்து அதனோடு சேர்கிறது. மூன்று அணுக்கள் நேர்கோட்டில் நிற்கும் டிரைஅயோடைடு அயனி பிறக்கிறது:

I₂ + I⁻ ⇌ I₃⁻

மின்னேற்றம் வந்ததும் நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. தனி அயோடின் இப்படிக் குறையக் குறைய, திண்மத்திலிருந்து மேலும் கரைகிறது.

தயாரிப்பவர்கள் தடுக்கி விழுவது வரிசையில்தான். முதலில் அயோடைடைக் கொஞ்சம் நீரில் கரைத்து, அந்த அடர்கரைசலில் அயோடினைப் போட்டுக் கலக்க வேண்டும். முழுத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் படிகங்கள் அடியில் நெடுநேரம் கிடக்கும்.

வினை மீள்வினை என்பதால் சிறிது அயோடின் எப்போதும் தனித்தே இருக்கும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதனுடையதே. திறந்தே வைத்தால் அது ஆவியாகி, பழுப்பு நிறம் மெல்ல வெளுக்கும்.