108-ஆ, 54-ஆ?

பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட பலகோணத்தில் எத்தனை மூலைவிட்டங்கள் வரையலாம்? எட்டாம் வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் உடனே பென்சிலை எடுத்து வரையத் தொடங்குவார்கள். இருபது கோட்டைத் தாண்டும்போது எதை எண்ணினோம், எதை விட்டோம் என்று தெரியாமல் போய்விடும்.

புடாபெஸ்டில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா, 1945-இல் வெளியான தம் நூலில் கணக்குப் போடுவதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: புரிந்துகொள்வது, திட்டமிடுவது, செய்துமுடிப்பது, திரும்பிப் பார்ப்பது. ஆசிரியரின் வேலை, ஒவ்வொரு கட்டத்திலும் பொருத்தமான கேள்வியைக் கேட்பது. அந்தக் கேள்வி விடையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. நாளை மாணவரே தம்மைக் கேட்டுக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும்.

நம் கணக்கில் முதல் கேள்வி, 'மூலைவிட்டம் என்றால் என்ன?' என்பது. அடுத்தடுத்து இல்லாத இரண்டு முனைகளை இணைக்கும் கோடு. இதைச் சொல்ல வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். அடுத்து, 'மொத்தமாக எண்ண முடியாவிட்டால், எந்தப் பகுதியை எண்ண முடியும்?' ஒரு முனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து அதே முனைக்கும் இரு பக்கத்து முனைகளுக்கும் மூலைவிட்டம் கிடையாது. மீதி ஒன்பது. முனைகள் 12, ஆகவே 12 × 9 = 108.

பெரும்பாலான வகுப்புகளில் கணக்கு இங்கே முடிந்துவிடும். பெருக்கலில் பிழை இல்லை, விடைதான் தவறு. 'இதே வழி நாற்கரத்துக்குச் சரிவருமா?' என்று கேட்டால் குட்டு உடைகிறது. நான்கு முனை, முனைக்கு ஒன்று. நான்கு வர வேண்டும். படத்தில் இருப்பதோ இரண்டு! ஒவ்வொரு கோட்டையும் அதன் இரு முனைகளிலிருந்தும் எண்ணியிருக்கிறோம். பாதியாக்கினால் 54.

திரும்பிப் பார்ப்பதில் இன்னொரு வேலையும் உண்டு: விடையை வேறு வழியில் பெற முடியுமா என்று பார்ப்பது. 12 கபடி அணிகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லா அணிகளோடும் ஒருமுறை மோதினால் 66 ஆட்டங்கள். அணிகளை முனைகளாக நினைத்தால், ஆட்டங்கள் முனைகளை இணைக்கும் கோடுகள். அவற்றில் 12 பக்கங்களைக் கழித்தால் மறுபடி 54. பாடவேளை போதாமல் ஆசிரியர்கள் முதலில் வெட்டுவது இந்தக் கட்டத்தைத்தான். என் பார்வையில், வெட்டவே கூடாதது அதுதான்.

நான்கு கட்டங்களையும் சுவரில் ஒட்டிவைத்தால் மட்டும் பலன் இல்லை. போல்யா தரும் 'எளிய கணக்கை முயன்று பார்' போன்ற யோசனைக்குள் பல தனித்தனி உத்திகள் அடங்கியிருப்பதாக அமெரிக்க ஆய்வாளர் ஆலன் ஷோன்ஃபெல்ட் சுட்டிக்காட்டினார். அவற்றைத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கிறது. ஒரே முனையை எடுத்துக்கொள்வது ஓர் எளிமை. பக்கங்களைக் குறைப்பது இன்னொன்று: 4, 5, 6 பக்கங்களுக்கு 2, 5, 9 மூலைவிட்டங்கள். கூடுதல் மூன்று, நான்கு என்று ஏறுவதைக் கண்டவர் அப்படியே தொடர்ந்து 54-ஐ எட்டிவிடலாம். ஏன் அப்படி ஏறுகிறது என்பதை அந்த எண்கள் சொல்லாது. நாற்கரத்தோடு ஐந்தாவது முனையைச் சேர்த்து, பழைய பக்கம் ஒன்று மூலைவிட்டமாக மாறுவதைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.