நீஸ் நகர ஓட்டலுக்கு ஒரு விண்ணப்பம்

புதுச்சேரியில் கேட்டரிங் படிக்கும் ரா. கவிதா என்ற மாணவி, பிரான்சின் நீஸ் நகர ஓட்டல் ஒன்றில் ஆறு மாதப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தைத் தமிழில் எழுதிவிட்டார். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா என்று பள்ளியில் பழகிய அதே வரிசை. பிரெஞ்சுக் கடிதத்தின் சட்டகமும் கிட்டத்தட்ட இதுதான். இடப்பக்கம் மேலே அனுப்புபவர் முகவரி, வலப்பக்கம் சற்றுக் கீழே பெறுபவர், பிறகு ஊரும் தேதியும், பொருள். சட்டகம் ஒத்துப்போவதால், உள்ளே இருப்பதையும் வரிக்கு வரி மாற்றினால் போதும் என்று தோன்றிவிடுகிறது.

கவிதாவின் முதல் பத்தி இப்படிப் போகிறது: “நடுத்தரக் குடும்பத்தில் பிறந்த எனக்குச் சிறு வயதிலிருந்தே ஓட்டல் துறையில் ஆர்வம் உண்டு. தாங்கள் வாய்ப்பளித்தால் என்றும் நன்றியுடன் இருப்பேன் எனத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” நம் ஊரில் இது மரியாதை. அங்கே மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு இதில் படிக்க எதுவும் இல்லை. எந்தப் பிரிவில் வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கல்லூரி ஒப்பந்தம் தருமா என்பதைத்தான் அவர் தேடுவார்.

பிரெஞ்சுப் பள்ளிகள் கற்றுத்தரும் வரிசை “நீங்கள், நான், நாம்” என்பது. முதல் பத்தி ஓட்டலைப் பற்றி, இரண்டாவது விண்ணப்பிப்பவரைப் பற்றி, மூன்றாவது இருவரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்பதைப் பற்றி. அதன்படி கவிதா தொடங்க வேண்டியது இப்படி: “கோடைக்காலத்தில் உங்கள் உணவகம் வெளிநாட்டு விருந்தினர்களால் நிறைகிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை உணவு பரிமாறும் பிரிவில் பயிற்சி பெற விரும்புகிறேன்.” அடுத்து, “பரிமாறுவதில் நல்ல அனுபவம் உண்டு” என்ற வரிக்குப் பதிலாக, நாற்பது இருக்கை உள்ள உணவகத்தில் இரண்டு மாதம் காலை பஃபேயைக் கவனித்ததும், தமிழ், ஆங்கிலம், இந்தி பேசுவதும். கடைசியில், கல்லூரி பயிற்சி ஒப்பந்தம் தரும் என்ற ஒரு வரி. பிரான்சில் மாணவர், கல்வி நிலையம், ஓட்டல் மூவரும் கையெழுத்திட்ட இந்த ஒப்பந்தம் இல்லாமல் பயிற்சிக்கு ஆள் எடுக்க முடியாது. ஒரே ஓட்டலில் ஒரு கல்வியாண்டுக்கு ஆறு மாதம்தான் உச்சவரம்பு. எனவே எட்டு மாதம் கேட்டு எழுதினால், எவ்வளவு நல்ல பிரெஞ்சில் இருந்தாலும் பயனில்லை.

முடிவில் மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் நம்மையும் மிஞ்சுவார்கள். “அம்மணி, ஐயா, என் உயரிய வணக்கங்களை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்” என்ற பொருளில் ஒரு நீண்ட மரபு வாக்கியம் உண்டு. அதை அப்படியே எழுதிவிடலாம். ஆனால் தொடக்கத்தில் எப்படி விளித்தோமோ முடிவிலும் அதே விளிப்பு வர வேண்டும்.

தன்விவரக் குறிப்பில் முதல் சிக்கல் இன்ஷியல். பிரெஞ்சுப் படிவங்கள் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரண்டைக் கேட்கும், “ரா.” எங்கும் பொருந்தாது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே குறிப்பிலும் ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தால், “மதாம் ராஜேந்திரன்?” என்று தொலைபேசி வரும்போது கவிதா திடுக்கிடக் கூடாது.

படிப்பில் இன்னொரு பொறி. கல்லூரியை “கொலேஜ்” என்று எழுதினால், பிரெஞ்சில் அது பதினொரு வயது முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளின் பள்ளி. ஓட்டல் மேலாண்மைப் பள்ளி என்று எழுதுவதே சரி. பிளஸ் டூவை அவர்களுடைய பள்ளியிறுதித் தேர்வான பாக்குடன் ஒப்பிட்டு ஒரு குறிப்பு சேர்க்கலாம். 78 சதவீதத்தை மட்டும் இருபதுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு மாற்ற வேண்டாம். அங்கே 16 வாங்கினாலே மிகச் சிறப்பு. இரண்டு ஊர்களிலும் மதிப்பெண் போடும் கை வேறு. அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை, “மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்” என்ற வரி எல்லாவற்றையும் நீக்கிவிடலாம்.

மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரையான ஐரோப்பிய அளவுகோலில் எழுத வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான் என்பது என் எண்ணம். ஏ2 நிலையில் இருப்பவரின் கடிதம் வழக்கறிஞர் நடையில் இருந்தால், முதல் தொலைபேசி உரையாடலிலேயே வெளிச்சமாகிவிடும். மொழிபெயர்ப்பவரிடம் சின்னச் சின்ன வாக்கியங்களாகக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் விண்ணப்பிப்பவரால் வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும்.

கடிதத்துக்கும் தன்விவரக் குறிப்புக்கும் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை தேவையில்லை. அந்தச் செலவைச் சான்றிதழ்களுக்கு, அதுவும் கேட்டால் மட்டும், வைத்துக்கொள்ளுங்கள்.