பன்னிரு திருமுறை: தொகுத்ததும் நிறைவுற்றதும்

தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த ஏடுகளைக் கறையான் அரித்தது, எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி வகுத்தார் என்கிறது திருமுறைகண்ட புராணம். அந்நூலோ நிகழ்ச்சிக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. பதிகங்கள் அதுவரை வழக்கொழிந்து போகவும் இல்லை. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோருக்கு நிவந்தம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் பாட முதலாம் இராசராசன் 48 பேரை அமர்த்தினான். ஆகவே நம்பி செய்தது கண்டெடுத்தல் என்பதைவிட வரிசைப்படுத்தல் என்பதே பொருந்தும். பதினோராம் திருமுறையில் அவருடைய சொந்த நூல்களும் உள்ளன! 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் பன்னிரண்டாவதாகச் சேர, தொகுப்பு நிறைவுற்றது. ஆயினும் 1917இல் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில், ஏடுகளில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று கிடைத்தது. பிற்காலப் பதிப்புகள் அதையும் சேர்த்தே அச்சிடுகின்றன.