கூட்டல் சரி, பாயிண்ட் எங்கே?

மாமா கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் கூட்டிப் பார்க்காமல் மடித்து வைக்கமாட்டார். போன வருஷம் ஜூலை முதல் வாரம், கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார்.

“கூட்டிப் பார்த்துட்டேன்டா, சரியாத்தான் வருது. ஆனா எங்கேயோ இடிக்குது. நீயும் ஒரு தடவை பாரு.”

முதல் பக்கத்தின் அடியில் ரிவார்டு பாயிண்ட் கட்டம் இருந்தது. பெரும்பாலானவர்கள் கண்ணை அங்கே வைப்பதே இல்லை. கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, இரண்டையும் பார்த்ததோடு சரி. மாமாவின் கட்டத்தில் 2025 ஜூன் மாதத்துக்கு ஐந்து எண்கள் இருந்தன.

ஆரம்ப இருப்பு 8,460. இந்த மாதம் சேர்ந்தது 612. பயன்படுத்தியது 2,000. காலாவதியானது 1,140. இறுதி இருப்பு 5,932.

8,460-ஓடு 612-ஐக் கூட்டி, 2,000-ஐயும் 1,140-ஐயும் கழித்தால் 5,932. ஒரு பாயிண்ட் பிசகில்லை. மே மாத ஸ்டேட்மெண்ட்டின் இறுதி இருப்பும் 8,460-தான். அதையும் மாமா ஏற்கெனவே டிக் அடித்திருந்தார்.

கூட்டல் சரியாக வருவதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. மற்ற நான்கு எண்களை வைத்துத்தான் கம்ப்யூட்டர் இறுதி இருப்பையே போடுகிறது. நான்கில் ஒன்று தப்பாக இருந்தாலும் கூட்டல் நேராகவே வரும். அதனால் இந்தக் கட்டத்தைச் சரிபார்ப்பது என்றால், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று தனித்தனியாகத் தேடிப் போக வேண்டும்.

சேர்ந்ததை முதலில் எடுத்துக்கொண்டோம். மாமாவின் கார்டில் ஒவ்வொரு நூறு ரூபாய் செலவுக்கும் இரண்டு பாயிண்ட். அந்த மாதச் செலவு: மளிகை 3,480, ஜவுளி 12,650, மருந்து 1,290, ரயில் டிக்கெட் 2,875, ஓட்டல் 1,960, ஒரு மிக்ஸியும் கிரைண்டரும் சேர்த்து 9,990, பெட்ரோல் 4,000. மொத்தம் 36,245 ரூபாய். அப்படியே வகுத்தால் 724 பாயிண்ட் வந்திருக்க வேண்டும். வந்ததோ 612.

இங்கேதான் நிறையப் பேர் கோபமாக போனை எடுப்பார்கள். எடுக்க வேண்டாம். அந்தக் கார்டின் விதிப்படி பெட்ரோலுக்குப் பாயிண்ட் கிடையாது. பல கார்டுகளில் வாடகைக்கும் வாலட்டில் பணம் ஏற்றுவதற்கும்கூடக் கிடையாது. அடுத்தது, நூறு ரூபாய்க் கணக்கை மொத்தச் செலவுக்குப் போடுவதில்லை, ஒவ்வொரு பில்லுக்கும் தனியாகப் போடுகிறார்கள். 3,480 ரூபாய் மளிகையில் முழு நூறுகள் 34, ஆகவே 68 பாயிண்ட். மிச்சமுள்ள 80 ரூபாய் அடுத்த பில்லோடு சேராது, அங்கேயே விட்டுப்போகும். இப்படியே போட்டால் ஜவுளிக்கு 252, மருந்துக்கு 24, டிக்கெட்டுக்கு 56, ஓட்டலுக்கு 38, மிக்ஸி கிரைண்டருக்கு 198. ஆகமொத்தம் 636.

இன்னும் 24 இடித்தது. மே மாதம் வாங்கிய 1,200 ரூபாய்ச் சட்டையை அளவு சரியில்லை என்று மாமா திருப்பிக் கொடுத்திருந்தார். பணம் ஜூனில் கார்டுக்குத் திரும்பி வந்தது. பணம் திரும்பினால் அதற்குக் கிடைத்த பாயிண்ட்டும் திரும்பிப் போகும், அது நியாயம்தான். ஆனால் சில ஸ்டேட்மெண்ட்டுகளில் இதற்கென்று தனி வரி கிடையாது. ‘சேர்ந்தது’ என்ற எண்ணிலேயே ஓசைப்படாமல் கழித்துவிடுகிறார்கள். 636-இல் 24 போக 612. சேர்ந்தது சரி.

பயன்படுத்தியது 2,000. ஜூன் 10-ஆம் தேதி ஒரு கிஃப்ட் வவுச்சர் எடுத்திருந்தார். பாயிண்ட் ஒன்றுக்கு 25 பைசா, 500 ரூபாய் வவுச்சர். இ-மெயிலில் தேதியோடு ரசீது இருந்தது. அதுவும் சரி.

மிஞ்சியது காலாவதி. மாமாவுக்கு இடித்த இடம் இதுதான், அவருக்கே அது பிடிபடவில்லை.

அந்தக் கார்டில் ஒரு மாதம் சேர்ந்த பாயிண்ட் 24 மாதம் செல்லும். 2023 ஜூனில் சேர்ந்தது 2025 ஜூன் கடைசியில் செத்துப்போகும். மாமா பழைய ஸ்டேட்மெண்ட்டுகளை ஃபைலில் கோத்து வைத்திருந்ததால் (அவர் கோக்காமல் வேறு யார் கோப்பார்கள்) ஒரே நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார். 2023 ஆனியில் மகள் கல்யாணம். ஜூன் மாதம் ஜவுளிச் செலவில் 1,140 பாயிண்ட், ஜூலையில் பாத்திரம் பண்டத்தில் 980 பாயிண்ட் சேர்ந்திருந்தன.

“அதான், 1,140 சேர்ந்தது. 24 மாசம் ஆச்சு. 1,140 போச்சு. சரிதானே?” என்றார் மாமா.

சரியில்லை. மளிகைக் கடையில் புதுச் சரக்கு வந்ததும் கடைக்காரர் என்ன செய்வார்? பழையதை முன்னால் தள்ளிவிட்டுப் புதியதைப் பின்னால் அடுக்குவார். முன்னால் இருப்பதுதான் முதலில் விற்கும். பாயிண்ட்டுக்கும் இந்தக் கார்டு அதே விதியைத்தான் எழுதி வைத்திருக்கிறது: முதலில் சேர்ந்ததே முதலில் செலவாகும். மாமா ஜூன் 10-ஆம் தேதி 2,000 பாயிண்ட்டை எடுத்தபோது அடுக்கின் முன்வரிசையில் இருந்தது 2023 ஜூனின் 1,140. அது முழுசாகப் போயிருக்க வேண்டும். பற்றாத 860 அடுத்த வரிசையான 2023 ஜூலையின் 980-இலிருந்து போயிருக்க வேண்டும். அப்படியானால் ஜூன் 30 ராத்திரி காலாவதியாக 2023 ஜூன் பாயிண்ட் ஒன்றுகூட மிச்சம் இல்லை. காலாவதி பூஜ்யம். இருப்பு 7,072 இருந்திருக்க வேண்டும்.

அதே 1,140 பாயிண்ட் ஒரு தடவை வவுச்சராகவும், இன்னொரு தடவை காலாவதியாகவும் இரண்டு முறை செத்திருந்தது. அன்றைக்கு எவ்வளவு சேர்ந்தது என்று மட்டும் பார்த்துக் கழித்திருக்கிறார்கள். அதில் இன்றைக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் உண்டு. காலாவதி எண்ணை எடுத்துக்கொண்டு, செல்லுபடிக் காலம் எத்தனை மாதமோ அத்தனை மாதம் பின்னால் போய், அன்றைக்குச் சேர்ந்த எண்ணைப் பாருங்கள். நடுவில் நீங்கள் பாயிண்ட் எதையும் எடுக்கவில்லை என்றால் இரண்டும் ஒன்றாக இருப்பது இயல்பு. எடுத்திருந்தும் இரண்டும் அச்சாக ஒத்துப்போனால், அந்த எண்ணை நம்பாதீர்கள். ஒத்துப்போவதே சந்தேகத்துக்கு இடம் தரும் விநோதமான கணக்கு இது.

ஆனால் வங்கி மேல் பாய்வதற்கு முன்னால் தேதியைப் பார்த்துவிட வேண்டும். வவுச்சரை 28-ஆம் தேதி கேட்டு, அது கணக்கில் அடுத்த மாதம் 2-ஆம் தேதி ஏறியிருந்தால், நடுவில் 30-ஆம் தேதி ராத்திரி பழைய பாயிண்ட் காலாவதியாகியிருக்கும். அப்போது கேள்வியே வேறு. கேட்ட தேதியா, ஏறிய தேதியா என்பதற்கு விதிமுறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பதில். மாமா எடுத்தது 10-ஆம் தேதி, அன்றே ஏறியும் விட்டது. அதனால் அந்தச் சிக்கல் இல்லை.

எல்லாத் திட்டத்துக்கும் இந்த அடுக்குக் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில கார்டுகளில் பாயிண்ட்டுக்குக் காலாவதியே கிடையாது. வேறு சில திட்டங்களில் குறிப்பிட்ட காலம் நீங்கள் எதுவும் வாங்காமலும் எடுக்காமலும் இருந்தால் மொத்த இருப்பும் ஒரே நாளில் போய்விடும். உங்கள் திட்டம் எந்த ரகம் என்று தெரியாமல் கணக்குப் போட உட்காருவது வீண்வேலை.

மாமா வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினார். “சிஸ்டத்துல ஆட்டோமேட்டிக்கா எக்ஸ்பயர் ஆகியிருக்கு சார், கணக்கு டேலி ஆகுது” என்று பதில் வந்தது. டேலி ஆகிறது, உண்மைதான். அதற்கு மேல் வாதாடாமல் மாமா ஒரு மெயில் எழுதினார். எழுதச் சொன்னது நான், எழுத்து அவருடையது. காலாவதியான 1,140 எந்த மாதம் சேர்ந்தது? ஜூன் 10-இல் எடுத்த 2,000 எந்தெந்த மாதப் பாயிண்ட்டிலிருந்து கழிக்கப்பட்டது? முதலில் சேர்ந்ததே முதலில் செலவாகும் என்ற உங்கள் விதியோடு இரண்டும் பொருந்துகிறதா? மூன்றே கேள்விகள், கூடவே 2023 ஜூன், ஜூலை ஸ்டேட்மெண்ட்டும் வவுச்சர் ரசீதும். “என் பாயிண்ட் குறைகிறது” என்று எழுதினால் போனில் வந்த பதிலேதான் மெயிலிலும் வரும். எந்த மாதப் பாயிண்ட் என்று கேட்டால் யாராவது ஒருவர் அடுக்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

1,140 பாயிண்ட்டின் விலை 285 ரூபாய். இதற்கு இவ்வளவு பாடா என்று அத்தை கேட்டார். கேட்கலாம்தான். ஆனால் நம் கையில் இருக்கும் பாயிண்ட் வங்கிக்குக் கடன் மாதிரி. நாம் என்றைக்காவது வந்து கேட்போம் என்று அதற்காகப் பணம் ஒதுக்கி வைக்கிறார்கள். எத்தனை பேர் கேட்காமலே விட்டுவிடுவார்கள் என்பதைக் கணிக்க ஆக்சுவரி என்ற படித்த நிபுணர்களும் இருக்கிறார்கள். காலாவதியாகும் ஒவ்வொரு பாயிண்ட்டும் அந்தக் கடனில் ஒரு துளியைக் குறைக்கிறது. அதை நியாயமாகக் குறைக்கட்டும் என்பதுதான் மாமாவின் வாதம், எனக்கும் அது சரியாகவே பட்டது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது, விளக்கம் வரவில்லை. ஜூலை ஸ்டேட்மெண்ட்டில் ‘சரிக்கட்டல்’ என்ற பெயரில் 1,140 ஏறியிருந்தது. ஆரம்பம் 5,932, சரிக்கட்டல் 1,140, சேர்ந்தது 344, காலாவதி 120, இறுதி 7,296.

மாமா 7,296-ஐப் பார்க்கவில்லை. நேராக 120-க்குப் போனார். 2023 ஜூலையின் 980-இல் 860 வவுச்சருக்குப் போக மிச்சம் 120. பழைய தப்பு அப்படியே இருந்திருந்தால் அந்த இடத்தில் 980 என்று வந்திருக்கும். ஏறிய 1,140-ஐவிட, அடுக்கு உள்ளே சரியாகிவிட்டதற்கு அத்தாட்சி அந்த 120-தான்.

உங்கள் கார்டில் இப்படி நடந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் மனுப் போடலாம், கட்டணம் கிடையாது. பழைய ஸ்டேட்மெண்ட்டுகளை, உங்கள் கார்டின் பாயிண்ட் எத்தனை மாதம் செல்லுமோ அத்தனை மாதத்துக்காவது அழிக்காமல் வைத்திருங்கள்.